ஆயிரம் என்று யார் சொன்னது?

சிறு நீர்ப்பிடிப்புகளைப் பற்றி நம் ஊரில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு படம் தவறாமல் இருக்கும். சாம்பல் நிறத்தில் மலை. அதன்மேல் நரம்பு புடைத்ததுபோல நீலக் கோடுகள். ஓரத்தில் வடக்கு காட்டும் அம்புக்குறி. கீழே ஒரு வரி: ‘செயற்கைக்கோள் தரவிலிருந்து பெறப்பட்ட ஓடை வலைப்பின்னல்.’

அந்த வரியை வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? வானத்திலிருந்து ஏதோ ஒரு கண் இந்த ஓடைகளைப் பார்த்தது, பார்த்ததை வரைந்தது என்றுதான் நினைப்பார். உண்மையில் அந்தத் தரவில் ஓடை என்று ஒன்றுமே கிடையாது. வெறும் உயரங்கள்தான் இருக்கின்றன. உயரத்திலிருந்து நீரின் போக்கைக் கணினி கணக்கிடுகிறது. அந்தப் போக்கில் எந்த இடத்திலிருந்து நீலம் தொடங்க வேண்டும் என்பதை, மென்பொருளின் ஒரு சின்னப் பெட்டியில் ஒரு எண்ணைத் தட்டி, ஆய்வு செய்பவர் முடிவு செய்கிறார். நான் பார்த்த ஏடுகளில் பெரும்பாலும் அந்த எண் 500 அல்லது 1000. ஏன் அந்த எண் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. எண்ணையே எழுதாதவர்கள்தான் அதிகம்.

ஓடை எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை நாம் ஒரு பயிற்சிக் கையேட்டின் உதாரண எண்ணுக்குக் கொடுத்துவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு. இதைப் பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. அதனால் ஒரு மலையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

மலையும் கட்டங்களும்

தருமபுரி மாவட்டம், அரூர் வட்டத்தில் இருக்கிறது தீர்த்தமலை. அதற்கு வடக்கே தென்பெண்ணை ஓடுகிறது. அனுமன்தீர்த்தம் அந்த ஆற்றங்கரையில். மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில். ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அக்னி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம் என்று ஐந்து தீர்த்தங்கள். மலைக்கும் ஊருக்கும் பெயரே தண்ணீரால் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று உயரத் தரவைக் கேட்டால் என்ன சொல்லும்?

முதலில் அந்தத் தரவு என்ன என்று பார்த்துவிடுவோம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பறந்து, ராடார் அலைகளால் பூமியின் பெரும்பகுதியை அளந்தது. எஸ்.ஆர்.டி.எம். என்று மாணவர்கள் சொல்வது இந்த அளவைத்தான். தீர்த்தமலை `N12E078` என்ற கோப்பில் வருகிறது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டங்களாக நிலத்தை வெட்டி, கட்டம் ஒன்றுக்கு ஒரே ஒரு உயரத்தை முழு மீட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டம் என்றால் 900 சதுர மீட்டர், அதாவது இருபத்திரண்டு சென்ட் நிலம். அந்த இருபத்திரண்டு சென்டுக்குள் பாறை இருக்கலாம், புளியமரம் இருக்கலாம், இரண்டு ஆள் ஆழத்துக்கு அரித்த பள்ளம் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்.

இனி நீரின் போக்கு. ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் இருக்கும். எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அந்தப் பக்கம் நீர் முழுவதும் போகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஓ'காலகனும் மார்க்கும் 1984இல் எழுதிய இந்த எளிய விதிதான் இன்றும் பெரும்பாலான மென்பொருள்களின் அடிப்படை. ஒரு மலைச்சரிவில் ஒன்பது கட்டங்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

```
418  416  415
417  412  409
413  410  408
```

நடுவில் இருக்கும் 412இல் விழுந்த மழை எங்கே போகும்? மிகத் தாழ்ந்தது மூலையில் இருக்கும் 408. ஆனால் மூலைக்கு தூரம் அதிகம். 42 மீட்டரில் 4 மீட்டர் இறக்கம். கிழக்கே 409க்கு 30 மீட்டரில் 3 மீட்டர். கணக்குப் போட்டால் கிழக்குப் பக்கம்தான் சரிவு கொஞ்சம் கூட. ஆகவே நீர் கிழக்கே போகிறது. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு திசை. பிறகு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து மொத்தம் எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்று எண்ணுகிறார்கள். மலைமுகட்டில் இருக்கும் கட்டத்துக்கு எதுவும் வராது. அடிவாரத்தில் இருக்கும் கட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் வரும்.

இதுவரை நடந்ததில் எனக்குச் சண்டை இல்லை. முப்பது மீட்டர் கட்டத்தில் இதைவிட நேர்மையாக யாரும் செய்துவிட முடியாது. கவனியுங்கள், இதுவரை ஓடை என்ற சொல்லே வரவில்லை. மலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த படியில்தான் அந்தப் பெட்டி திறக்கிறது. எத்தனை கட்டம் சேர்ந்தால் ஓடை? மாணவர் 1000 என்று தட்டுகிறார். ஆயிரத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் சாம்பலாகிறது. மேலே உள்ளது நீலமாகிறது.

ஆயிரத்துக்குள் என்ன இருக்கிறது

ஆயிரம் கட்டம் என்றால் 90 ஹெக்டேர். இருநூற்று இருபது ஏக்கருக்கு மேல். அந்த அளவு நிலத்தின் நீர் ஒன்றுசேரும்வரை அங்கே ஓடையே இல்லை என்று அந்தப் படம் சொல்கிறது.

தீர்த்தமலை போன்ற தனி மலைகளின் சரிவில், முகட்டிலிருந்து அடிவாரம்வரை ஒரு கிலோமீட்டர் நீளமும் சராசரியாக முந்நூறு மீட்டர் அகலமும் உள்ள ஒரு பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 30 ஹெக்டேர். கட்டக் கணக்கில் 333. வரம்பை 100 என்று வைத்தால் பள்ளத்தின் கீழ்ப்பாதியில் நீலக்கோடு தெரியும். 500 என்றால் தெரியாது. 1000 என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போது அந்தப் பள்ளத்தில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. வடகிழக்குப் பருவத்தில் புயல் உள்ளே வந்தால் இது அதிசயமில்லை. பாறையும் மெல்லிய மண்ணுமாக இருக்கும் சரிவில் பாதி நீர் ஓடிவிடும் என்று வைத்துக்கொள்வோம். 30 ஹெக்டேரில் 30 மில்லிமீட்டர் நீர் என்றால் 9,000 கன மீட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் 750 லோடு. அந்த ஒரு மணி நேரத்தில் நொடிக்கு 2,500 லிட்டர் வீதம் இறங்குகிறது. குறுக்கே நிற்கும் ஆட்டை அடித்துக்கொண்டு போகும், மோட்டார் சைக்கிளைப் புரட்டும். படத்திலோ அங்கே வெறும் சாம்பல் நிறம்.

‘சின்ன ஓடைதானே, விட்டால் என்ன’ என்று சொல்லலாம். விட்டது ஒன்றென்றால் சரி. சரிவு முழுக்க இருக்கும் எல்லாப் பள்ளங்களும் சேர்ந்தே விடுபடுகின்றன. காரணம், மலைச்சரிவில் பள்ளங்கள் இந்த அளவில்தான் இருக்கும். அவை அடிவாரத்தில் மூன்று நான்காகச் சேர்ந்த பிறகுதான் ஆயிரம் என்ற எண் வரும். ஆக, அந்தப் படத்தில் மலைமேல் ஓடை இல்லை, சமவெளியில் மட்டும் ஓடை இருக்கிறது. அரித்துக்கொண்டு போகும் இடம் காணாமல் போய், அரித்த மண் படியும் இடம் மட்டும் மிஞ்சுகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வரம்பை 20 என்று வைத்தால் பள்ளங்கள் வந்துவிடும். கூடவே அடிவாரத்துக்குக் கீழே, மானாவாரிக் கொல்லைகளில், ஒன்றுக்கொன்று இணையாக, அளவுகோல் வைத்து இழுத்ததுபோலக் கோடுகள் வரும். அவை ஓடைகள் அல்ல. சரிவு ஒரு மீட்டருக்குள் இருக்கும் தட்டை நிலத்தில், எட்டுத் திசையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கணினிக்கு வேறு வழி இல்லாததால் வந்தவை. நேர்கோடாகவோ, நாற்பத்தைந்து டிகிரி சாய்வாகவோ, வரிசையாக ஓடும் நீலத்தைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் அப்படி நடக்காது.

அதாவது மலைக்குப் பொருந்தும் எண் கொல்லைக்குப் பொருந்தாது. இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மான்ட்கோமரி, டீட்ரிச் என்ற இருவர் ஓடை எங்கே தொடங்குகிறது என்று அமெரிக்காவின் மேற்குக் கரை மலைகளில் ஏறி, ஓடைத் தலைகளைத் தேடிப்பிடித்து அளந்து 1988இல் எழுதினார்கள். சரிவு அதிகமாக இருக்கும் இடத்தில் சிறிய பரப்பே ஓடையை வெட்டத் தொடங்கிவிடுகிறது, சரிவு குறைந்த இடத்தில் பெரிய பரப்பு வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் மலைக்கும் கொல்லைக்கும் ஒரே எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

தீர்த்தங்களின் கதை இன்னும் வேடிக்கை. ராமர் தீர்த்தம் உயரத்தில், பாறையிலிருந்து விழுகிறது. அதற்கு மேலே இருக்கும் பரப்பு மிகக் குறைவு. எந்த வரம்பு வைத்தாலும் அது ஓடையாகாது. அந்த நீர் பாறை வெடிப்புகளின் வழியே மெல்லக் கசிந்து வருவது. உயரத் தரவுக்கு நிலத்தின் தோல் மட்டும்தான் தெரியும். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கருவியின் எல்லை அது. மலைக்குப் பெயர் கொடுத்த நீரே படத்தில் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ‘முழுமையான நீரியல் வரைபடம்’ என்று அடுத்த முறை யாராவது எழுதினால் கேட்க உதவும்.

எண்ணிலிருந்து பணத்துக்கு

இது ஆய்வேட்டோடு நின்றால் நானும் பேசாமல் போயிருப்பேன். நிற்பதில்லை.

நீலக்கோடுகள் கிடைத்ததும் அடுத்து என்ன செய்கிறார்கள்? ஓடைகளுக்கு வரிசை எண் போடுகிறார்கள். நுனி ஓடை ஒன்றாம் வரிசை, இரண்டு ஒன்றுகள் சேர்ந்தால் இரண்டாம் வரிசை என்று ஸ்ட்ராலர் முறை. பிறகு மொத்த ஓடை நீளத்தைப் பரப்பால் வகுத்து ஓடை அடர்த்தி. இந்த எண்களைக் கூட்டிக் கழித்து, எந்தச் சிறு நீர்ப்பிடிப்பில் முதலில் தடுப்பணை கட்ட வேண்டும், எதில் பிறகு என்று முன்னுரிமைப் பட்டியல். பட்டியலில் முதலிடம் வந்த ஊருக்குக் கல்லும் சிமெண்டும் போகும்.

ஓடை அடர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் முழுக்க ஒரே வரம்பு வைத்தால், அந்த அடர்த்தி நிலத்தைவிட வரம்பைத்தான் அதிகம் பிரதிபலிக்கும். வரம்பைப் பத்து மடங்காக்கினால் அடர்த்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். நூறு என்று தட்டிய மாணவருக்கு மூன்று வந்தால், ஆயிரம் என்று தட்டிய மாணவருக்கு ஒன்றுதான் வரும். மலை அதேதான், மழை அதேதான்.

அத்தோடு முடியாது. பாடப்புத்தகத்தில் ஒரு வாக்கியம் உண்டு: ஓடை அடர்த்தி குறைவாக இருந்தால் அடிநிலம் நீரை உறிஞ்சும் தன்மை உடையது. மாணவர் தன் எண்ணைப் பார்க்கிறார், குறைவாக இருக்கிறது, அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுகிறார். கருங்கல்லாக நிற்கும் மலை, பெட்டியில் மூன்று சுழி தட்டியதால், நீர் உறிஞ்சும் நிலமாகிவிடுகிறது! கிணறு வெட்டி வெட்டிப் பாறையில் முட்டிய அரூர்க்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பட்டியலின்படி தடுப்பணை எங்கே போகும்? நீலக்கோட்டின் மேல்தான் போகும். மலைச்சரிவில் கோடு இல்லாததால், மண் அரிப்பைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டிய சின்னச் சின்னக் கல் தடுப்புகள் திட்டத்திலேயே வராது. கீழே பெரிய ஓடையில் ஒரு பெரிய தடுப்பணை வரும். இரண்டு மூன்று மழையில் அதில் மணல் ஏறும். அப்புறம் தூர்வார இன்னொரு திட்டம்.

ஏரியைப் பிழை என்று சொல்லும் மென்பொருள்

எண்ணைவிடப் பெரிய அநியாயம் அதற்கு முந்தைய படியில் நடக்கிறது. நீர் எல்லாக் கட்டத்திலிருந்தும் வெளியேற வேண்டும் என்பது கணினியின் எதிர்பார்ப்பு. சுற்றிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த கட்டம் இருந்தால் நீர் அங்கே மாட்டிக்கொள்ளும். அதனால் முதல் வேலையாக அத்தகைய குழிகளை எல்லாம் விளிம்புவரை நிரப்பிவிடுகிறார்கள். இது 1988இல் ஜென்சனும் டொமிங்கேயும் முறைப்படுத்திய வழி. அளவைப் பிழையால் வந்த போலிக் குழிகளை நீக்குவதற்கு நல்ல வழிதான்.

ஆனால் நம் நிலத்தில் குழிகள் எல்லாம் பிழையா? தமிழ்நாட்டில் மலையடிவாரம் என்றாலே ஏரி. ஓடையை மறித்து மண்கரை போட்டு, நடுவே மதகு வைத்து, ஓரத்தில் கலிங்கு வைத்து, நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போக வழி செய்தார்கள். அந்தக் குழியை வேண்டுமென்றே மனிதன் உண்டாக்கினான். மென்பொருள் அதைப் பிழை என்று நிரப்புகிறது.

ஒரு சின்ன ஏரியின் குறுக்கே, மேலிருந்து கீழாக ஐந்து கட்டங்கள் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம். நான்காவது கரை.

```
முன்:    352  350  348  350  346
பின்:    352  350  350  350  346
```

348 என்று இருந்த ஏரியின் வயிறு 350 ஆகிவிட்டது. ஏரி இப்போது ஒரு மேடை. நீர் அதன்மேல் வழுக்கி, கரையைத் தாண்டி நேரே கீழே இறங்குகிறது. நிஜத்தில் கரையைத் தாண்டி நீர் இறங்கினால் அதற்குப் பெயர் உடைப்பு.

கரை இவ்வளவு தெளிவாகத் தரவில் வருவதே அதிர்ஷ்டம். மூன்று மீட்டர் உயரம், மேலே மூன்று மீட்டர் அகலம், அடியில் பதினைந்து மீட்டர் அகலம் உள்ள ஒரு கரையை முப்பது மீட்டர் கட்டத்துக்குள் சராசரியாக்கினால், மிஞ்சும் உயரம் 90 சென்டிமீட்டர். முழு மீட்டரில் எழுதும் தரவில் அது ஒரு மீட்டராகலாம். பக்கத்துக் கட்டங்களின் பிழையில் கரைந்தும் போகலாம். கரைந்துபோனால் நீலக்கோடு பழைய ஓடைப் பாதையிலேயே கரையைக் கிழித்துக்கொண்டு போகும். நிரப்பினாலும் தப்பு, கரைந்தாலும் தப்பு. இரண்டிலும் கோடு போகும் இடம் ஒன்று, தண்ணீர் போகும் இடம் வேறு.

தண்ணீர் எங்கே போகும்? அதை ஏரிக்கரையில் நிற்பவர்களிடம் கேட்க வேண்டும். அரூர்ப் பக்கம் ஒரு ஊரில் நான் படத்தை விரித்துக் காட்டியபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, தண்ணி கரை நடுவுல போற மாதிரி போட்டு வெச்சிருக்க. கோடி அந்தாண்ட மூலையில இல்ல இருக்குது? கோடி போனா தண்ணி அந்தக் கானாத்துக்குதான் போவும், இந்தப் பக்கம் எப்படி வரும்?” கோடி என்று அவர் சொன்னது உபரிநீர் வழியும் கலிங்கை. அது கரையின் ஒரு முனையில் இருந்தது. அங்கிருந்து வழியும் நீர் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி வேறொரு ஏரிக்குப் போகிறது. கணினி வரைந்த நீர்ப்பிடிப்பு எல்லை அந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவே ஓடியது. மேட்டைப் பார்த்து வரைந்த எல்லை, மனிதன் வெட்டிய வழியைப் பார்க்கவில்லை.

வரத்து வாய்க்காலும் அப்படித்தான். ஆற்றில் ஓர் அணைக்கட்டு வைத்து, சமமட்டத்தை ஒட்டியே வாய்க்காலை இழுத்து, இயற்கையாக நீர் வராத ஏரிக்கும் நீர் கொண்டுவந்திருக்கிறார்கள். நான்கு மீட்டர் அகலமுள்ள அந்த வாய்க்கால் முப்பது மீட்டர் கட்டத்தில் தெரியாது. தெரிந்தாலும், சரிவு அதிகமான பக்கம் மட்டுமே போகத் தெரிந்த விதி, சரிவைத் தவிர்த்து ஓடும் வாய்க்காலைப் பின்தொடராது. பழைய பொறியாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் ஏரிக் குறிப்பேடுகளில் தனக்கே உரிய நீர்ப்பிடிப்பு ஒன்று, மேலேயுள்ள ஏரிகளையும் சேர்த்த நீர்ப்பிடிப்பு ஒன்று என இரண்டு பரப்புகளை எழுதினார்கள். நம் படம் அந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறது.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. கிராஸ் என்ற இலவச மென்பொருளில் நீரோட்டம் கணக்கிடும் கட்டளைக்கு, குழிகளை முன்கூட்டி நிரப்ப வேண்டிய தேவையே இல்லை. அதோடு, எவை நிஜக் குழிகள் என்று நாமே சொல்லவும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்.

```
g.region raster=dem
r.watershed -s elevation=dem depression=eri \
  accumulation=acc drainage=dir stream=odai threshold=100
```

`eri` என்பது நாம் தயாரிக்கும் ராஸ்டர். ஏரி இருக்கும் கட்டங்களில் 1, மற்ற இடம் வெறுமை. இதைக் கொடுத்தால் நீர் ஏரிக்குள் போய் நிற்கும். ஒவ்வொரு ஏரிக்கும் தனக்கே உரிய நீர்ப்பிடிப்பு கிடைக்கும். பிறகு எந்த ஏரியின் கோடி எந்த ஏரிக்குப் போகிறது என்று ஊரில் கேட்டு, கையால் இணைக்க வேண்டும். ஒரு மலையடிவாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வேலை. அந்த வாசலைத் திறந்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

‘அப்போ எதுவுமே செய்யக் கூடாதா?’

இந்தக் கேள்வி வரும், வர வேண்டும். எதிர்த்தரப்பில் நியாயம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிராமங்களில் மலை மலையாக ஏறி ஓடைத் தலையைத் தேட ஆள் இல்லை. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்திலும் நீலக்கோட்டை ஒரு மனிதர்தான் முடிவு செய்து வரைந்தார், அதிலும் அகவயம் உண்டு. வரம்பைத் தேர்ந்தெடுக்கக் கணித முறைகளும் வந்துவிட்டன. டார்போட்டனும் சகாக்களும் 1991இல் முன்வைத்த முறையில், நுனி ஓடைகளின் சராசரி இறக்கமும் மேல்வரிசை ஓடைகளின் சராசரி இறக்கமும் புள்ளியியல்படி வேறுபடாமல் இருக்கும் மிகச் சிறிய வரம்பை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரி. நானும் உயரத் தரவை வைத்துத்தான் வேலை செய்கிறேன், அதை எரித்துவிடச் சொல்லவில்லை. ஆனால் நில அளவை வரைபடத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. தீர்த்தமலை வரும் 57 எல்/12 தாளில் கோடு போட்டவர் தரையில் நடந்த அளவையாளர்களின் குறிப்பை வைத்துப் போட்டார், அது இன்னாருடைய முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். கணினிக் கோட்டில் முடிவு எடுத்தவர் ஒளிந்துகொள்கிறார். ‘தரவு சொல்கிறது’ என்கிறார். தரவு சொல்லவில்லை ஐயா, நீங்கள் சொன்னீர்கள். டார்போட்டன் முறையும் ஒரு நீர்ப்பிடிப்புக்கு ஒரே எண்ணைத்தான் தரும். மலையும் கொல்லையும் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் அதையும் பிரித்துப் பிரித்துத்தான் போட வேண்டும்.

நான் கேட்பது நான்கே நான்கு. எதற்கும் காசு வேண்டாம்.

ஒன்று, வரம்பு எண்ணைப் படத்தின் மேலேயே ஹெக்டேரில் எழுதுங்கள். ‘90 ஹெக்டேருக்குக் கீழுள்ள ஓடைகள் இதில் இல்லை’ என்று ஒரு வரி இருந்தால் அந்தப் படம் நேர்மையாகிவிடும்.

இரண்டு, மூன்று வெவ்வேறு வரம்புகளில் முன்னுரிமைப் பட்டியலைப் போடுங்கள். முதலிடம் மாறாமல் இருந்தால் நம்பலாம். மாறினால் அது மலையின் பட்டியல் அல்ல, எண்ணின் பட்டியல்.

மூன்று, எல்லையைச் சரிபாருங்கள். வெளியேறும் புள்ளியை நீலக்கோட்டிலிருந்து ஒரு கட்டம் தள்ளிச் சுட்டினாலே, பல சதுர கிலோமீட்டர் வர வேண்டிய நீர்ப்பிடிப்பு நான்கைந்து கட்டமாகச் சுருங்கிவிடும். அந்தப் புள்ளியில் சேரும் கட்ட எண்ணிக்கையை 0.09ஆல் பெருக்கினால் வரும் ஹெக்டேரும், வரைந்த எல்லைக்குள் இருக்கும் பரப்பும் ஒத்துப்போக வேண்டும். மேலே சொன்ன கட்டளை சில கட்டங்களுக்குக் குறை எண் கொடுத்தால், நீங்கள் வெட்டியெடுத்த தரவுக்கு வெளியிலிருந்தும் நீர் வருகிறது என்று பொருள். தரவை இன்னும் அகலமாக வெட்டிக்கொண்டு மறுபடி போடுங்கள்.

நான்கு, ஒரே ஒரு நாள் நடந்து போங்கள். சரிவில் ஐந்து பள்ளங்களில் ஏறி, மண்ணில் கரை விழுந்து ஓடை தொடங்கும் இடத்தைக் கைப்பேசியில் குறித்து வாருங்கள். அந்த ஐந்து இடங்களிலும் கணினி எத்தனை கட்டம் காட்டுகிறது என்று பாருங்கள். மலைச்சரிவுக்கான உங்கள் எண் அங்கே கிடக்கிறது.

கோடு இல்லாத இடம்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்தபோது, தீர்த்தமலைக்கு வடக்கே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. அரூரில் 30 சென்டிமீட்டருக்கு மேல். ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, சாலையில் நின்ற வண்டிகளை அடித்து உருட்டிய காட்சியை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். நான் மேலே சொன்ன 30 ஹெக்டேர் பள்ளத்தில் 30 சென்டிமீட்டர் மழை என்றால் விழுந்த நீர் மட்டும் 90,000 கன மீட்டர். அந்தப் பள்ளம் ஆயிரம் என்ற எண்ணின்படி ஓடையே இல்லை.

கிராமக் கணக்கில் இன்னும் அது ஓடை. புலப்படத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ‘ஓடை புறம்போக்கு’ என்று ஒரு சர்வே எண் இருக்கும். வருடத்தில் பத்து நாள்தான் நீர் ஓடும், மற்ற நாளில் காய்ந்த பள்ளம். மனை போடுகிறவர் அதை நிரவிவிட்டு, ‘இங்கே ஓடை எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. அப்போது மேசைமேல் ஒரு வண்ணப்படம் விரிக்கப்படும். அறிவியல் முறையில், செயற்கைக்கோள் தரவிலிருந்து பெறப்பட்டது. அதில் அந்த இடத்தில் நீலக்கோடு இருக்காது. அந்தப் பெட்டியில் ஆயிரம் என்று தட்டியது யார், ஏன் தட்டினார் என்று கேட்க அந்த மேசையில் ஆள் வேண்டும்.